மிரட்டிப் பறித்தல், வழிப்பறி, கூட்டுக்கொள்ளை: சட்டம் எங்கே கோடு போடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேப்பரில் எல்லாமே "கொள்ளை" என்றுதான் வருகிறது. சட்டத்தில் இவை தனித்தனிக் குற்றங்களா?

ஆம், தனித்தனிதான். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அடித்தளத்தில் இருப்பவை இரண்டு: திருட்டு, மிரட்டிப் பறித்தல். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றோடு அந்த நிமிடத்து வன்முறையோ அந்த நிமிடத்து அச்சமோ சேர்ந்தால் அது வழிப்பறி. அந்த வழிப்பறியில் 5 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கூட்டுக்கொள்ளை. எனவே வழிப்பறி என்பது தனியாக முளைத்த குற்றம் அல்ல. "எல்லா வழிப்பறியிலும் திருட்டோ மிரட்டிப் பறித்தலோ இருக்கும்" என்று சட்டமே தன் வரையறையைத் தொடங்குகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பறித்தல் 308, வழிப்பறி 309, கூட்டுக்கொள்ளை 310 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை முறையே 383, 390, 391 எனத் தொடங்கின. நீதிமன்றங்களில் எக்ஸ்டார்ஷன், ராபரி, டெக்காய்ட்டி என்று சொல்லக் கேட்பீர்கள்.

சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "வழிப்பறி" என்றதும் சாலையில் மறித்துப் பறிப்பதுதான் நினைவுக்கு வரும். சட்டத்தின் வழிப்பறி வீட்டுக்குள்ளும் நடக்கலாம், கடைக்குள்ளும் நடக்கலாம். மறுபக்கம், ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்து 100 பவுன் நகையை அள்ளிப் போனாலும், தலைப்பில் "கொள்ளை" என்று வந்தாலும், அது சட்டப்படி வழிப்பறியும் அல்ல, கூட்டுக்கொள்ளையும் அல்ல. அது வீடு புகுந்து திருடியது. யாரும் அடிபடவில்லை, யாரும் அஞ்சவில்லை, யாரையும் தடுக்கவில்லை.

திருட்டுக்கும் மிரட்டிப் பறிப்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பணம் போகத்தானே செய்கிறது?

பொருள் யார் கையால் நகர்கிறது என்று பாருங்கள். திருட்டில் உங்கள் சம்மதம் இல்லாமல் அவன் எடுக்கிறான். மிரட்டிப் பறித்தலில் நீங்களே கொடுக்கிறீர்கள், ஆனால் அச்சத்தால் கொடுக்கிறீர்கள். சம்மதம் இருக்கிறது, அது கெட்டுப்போன சம்மதம்.

இதனால் இன்னொரு வித்தியாசமும் வருகிறது. திருட்டு அசையும் பொருளுக்கு மட்டுமே. நிலத்தைத் திருட முடியாது. ஆனால் மிரட்டி நிலப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கலாம், கடன் பத்திரம் எழுதி வாங்கலாம், வெற்றுத் தாளில்கூடக் கையெழுத்துப் பெறலாம். அவை எல்லாம் மிரட்டிப் பறித்தலில் அடங்கும்.

மிரட்டல் உயிருக்கோ உடலுக்கோ ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உடல், மனம், பெயர், சொத்து எதற்குச் சட்டவிரோதமாகக் கேடு செய்வதாகச் சொன்னாலும் போதும். "உன்னைப் பற்றி அவதூறு அச்சடித்துப் பரப்புவேன், பணம் கொடு" என்பதைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது.

ஒரே சம்பவத்தை வைத்துக் காட்ட முடியுமா? எந்த இடத்தில் ஒரு குற்றம் இன்னொன்றாக மாறுகிறது?

ஒரு வசூல்காரர் இரவு 9 மணிக்கு நெடுஞ்சாலை வழியாக இருசக்கர வண்டியில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையில் ₹80,000 இருக்கிறது.

தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் முகம் கழுவப் போகிறார். திரும்பி வந்தால் பை இல்லை. இது திருட்டு, பிரிவு 303. முதல் முறை குற்றவாளிக்கு 3 ஆண்டு வரை சிறை.

அடுத்து, அவர் பையைத் தோளில் மாட்டியிருக்கும்போது பைக்கில் வந்தவன் ஒரே இழுப்பில் பறித்துக்கொண்டு போகிறான். பழைய சட்டத்தில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. திருட்டா வழிப்பறியா என்று ஒவ்வொரு வழக்கிலும் வாதாட வேண்டியிருந்தது. இப்போது பிரிவு 304 இதைப் பறிப்பு என்று தனிக் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம்.

அதே பைக்காரன் அவரை எட்டி உதைத்துக் கீழே தள்ளிவிட்டுப் பையை எடுத்தால் கதை மாறிவிடும். பையை எடுப்பதற்காகவே காயம் ஏற்படுத்தினான், ஆகவே திருட்டு வழிப்பறியாகிறது. உதைக்கவே இல்லை, இரண்டு பேர் வண்டியை மறித்து அவரை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு பையை எடுத்தார்கள் என்றாலும் வழிப்பறிதான். ஒருவரைப் போகவிடாமல் தடுப்பதே போதும். ஆயுதமும் தேவையில்லை, ஒரு கீறலும் தேவையில்லை. "காயமே இல்லையே, இது எப்படி வழிப்பறி?" என்ற கேள்வி எழுவதே வரையறையின் இந்தப் பகுதியைப் பார்க்காமல் விடுவதால்தான்.

இப்போது ஒருவன் கத்தியை நீட்டி "பையைக் கொடு" என்கிறான். அவர் தன் கையால் கழற்றிக் கொடுக்கிறார். அவரே கொடுத்ததால் அடிப்படைக் குற்றம் மிரட்டிப் பறித்தல். ஆனால் மிரட்டியவன் எதிரில் நிற்கிறான், அச்சம் அந்த நொடிக்கானது, பை அப்போதே கைமாறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்ததால் அதுவும் வழிப்பறி. பிரிவு 309(4) படி 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் நடந்ததால் இது 14 ஆண்டு வரை போகலாம். அவருக்குக் காயமும் ஏற்பட்டிருந்தால் பிரிவு 309(6) வருகிறது. அதில் ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல்.

மறுநாள் அதே ஆள் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள் ₹50,000 வரவில்லை என்றால் கடையைக் கொளுத்துவேன்" என்கிறான். அவர் கொடுத்துவிடுகிறார். இது மிரட்டிப் பறித்தல் மட்டுமே. அச்சம் உண்மை, பணமும் போய்விட்டது, ஆனால் அவன் எதிரில் இல்லை, ஆபத்தும் அந்த நொடிக்கானது அல்ல. பழைய சட்டத்தில் இதற்கு 3 ஆண்டுதான் உச்ச வரம்பு. புதிய சட்டம் 7 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

கடைசியாக, நெடுஞ்சாலையில் மறித்தவர்கள் 5 பேர் என்றால், 3 பேர் வேடிக்கை பார்ப்பதுபோல் நின்று ஆள் வருகிறதா என்று காவல் காத்திருந்தாலும், அந்த 5 பேர் மீதும் கூட்டுக்கொள்ளை. பிரிவு 310(2) படி ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல்.

எவ்வளவு பணம் போனது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பையில் ₹200 இருந்திருந்தாலும் வழிப்பறி வழிப்பறிதான்.

குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டால் அது வழிப்பறியா?

பணம் கேட்பவன் எங்கே நிற்கிறான், குழந்தைக்கு ஆபத்து எப்போது என்பதைப் பொறுத்தது. சட்டத்தின் எடுத்துக்காட்டுகளிலேயே இந்த ஜோடி இருக்கிறது. சாலையில் தந்தையையும் குழந்தையையும் எதிர்ப்பட்டவன் குழந்தையைத் தூக்கி, "பணப்பையைத் தராவிட்டால் பள்ளத்தில் எறிந்துவிடுவேன்" என்கிறான். தந்தை கொடுக்கிறார். வழிப்பறி. அச்சம் தனக்காக அல்ல, குழந்தைக்காக என்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொருவன், "உன் குழந்தை எங்கள் கும்பலிடம் இருக்கிறது, 10,000 ரூபாய் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறான். இது மிரட்டிப் பறித்தல். தந்தைக்கு உடனடிச் சாவின் அச்சம் ஏற்படாதவரை வழிப்பறி ஆகாது.

இரண்டாவது சிறிய குற்றம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. மரண அச்சம் காட்டிப் பறித்ததால் அது பிரிவு 308(5)க்குள் போய் 10 ஆண்டு வரை தண்டனை பெறும். உண்மையிலேயே குழந்தையைக் கடத்தி மிரட்டியிருந்தால், பணயத்துக்காகக் கடத்தல் என்ற பிரிவு 140(2) தனியாக வரும். அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

கத்தியைக் காட்டி யு.பி.ஐ.யில் பணம் அனுப்ப வைத்தால்?

பாதிக்கப்பட்டவர் தானே கடவு எண்ணை அழுத்தி அனுப்பினால், அது அவர் கையால் கொடுத்தது. மிரட்டியவன் எதிரில் இருக்கிறான், அச்சம் உடனடியானது, பணமும் அங்கேயே அப்போதே போகிறது. மிரட்டிப் பறித்தல் வழியாக வந்த வழிப்பறி. கைபேசியைப் பிடுங்கி, விரலைப் பிடித்து வைத்துத் திறந்து, அவனே அனுப்பிக்கொண்டால் எடுத்தவன் அவன். அப்போது திருட்டு வழியாக வந்த வழிப்பறி என்று வாதிடலாம். கைபேசியைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை, அது தொட்டுணரும் பொருள்.

வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் "அசையும் பொருளா" என்ற கேள்வியைப் பழைய சட்டத்தில் எழுப்ப இடம் இருந்தது. அசையும் சொத்து என்றால் உருவமுள்ள சொத்து என்று அது சொன்னது. புதிய சட்டத்தின் வரையறை "உருவமுள்ள" என்ற சொல்லைக் கைவிட்டு, நிலமும் நிலத்தோடு ஒட்டியவையும் தவிர எல்லா வகைச் சொத்தும் என்கிறது. சின்ன மாற்றம்தான், ஆனால் இந்த வகை வழக்குகளில் அது பெரிய வாசலைத் திறக்கிறது.

"நாளைக்குள் அனுப்பு" என்று மிரட்டிவிட்டு அவன் போன பிறகு அனுப்பியிருந்தால் அது வழிப்பறி ஆகாது. அங்கேயே அப்போதே கொடுக்க வைக்க வேண்டும் என்பது கட்டாய நிபந்தனை.

திருடியவனைத் துரத்தினோம், தப்பிக்கும்போது கல்லால் அடித்துவிட்டான். இப்போது இது வழிப்பறி தானே?

அடிக்கும் நேரத்தில் திருடிய பொருள் அவனிடம் இருந்ததா? இதற்குப் பதில் தெரியாமல் சொல்ல முடியாது.

வரையறை மூன்று கட்டங்களைச் சொல்கிறது: திருடுவதற்காக, திருடும்போது, திருடிய பொருளைக் கொண்டு செல்லும்போது. இந்த மூன்றில் எதிலும் வன்முறை "அந்த நோக்கத்துக்காக" நடந்திருக்க வேண்டும். பையோடு ஓடுகிறவன் பையைக் காப்பாற்றிக்கொள்ளக் கல் எறிந்தால் வழிப்பறி. பையைப் போட்டுவிட்டு, பிடிபடாமல் இருப்பதற்காக மட்டும் கல் எறிந்தால் அது திருட்டும் தனியாக ஒரு காயக் குற்றமும்தான். இரண்டுக்கும் இடையில் இருப்பது சில அடி தூரம், ஆனால் தண்டனையில் பல ஆண்டுகள்.

இதே காரணத்தால், முன்பகையில் ஒருவரை அடித்துப் போட்டுவிட்டு, போகிற போக்கில் கீழே கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டால் அது தானாக வழிப்பறி ஆகிவிடாது. அடித்தது கடிகாரத்துக்காக அல்ல. அடியும் பொருள் போனதும் ஒரே இடத்தில் இருந்தால் போதும் என்று நினைத்து 309 போட்டுவிடுவதும், விசாரணையில் அது நிற்காமல் போவதும் உண்டு. இரண்டையும் இணைக்கும் நோக்கத்துக்குச் சாட்சியம் வேண்டும்.

கூட்டுக்கொள்ளைக்கு 5 பேர் என்கிறீர்கள். 3 பேர்தான் பிடிபட்டார்கள் என்றால் வழக்கு என்ன ஆகும்?

எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பது முக்கியமே இல்லை. எத்தனை பேர் செய்தார்கள் என்று நிரூபணமானது என்பதுதான் முக்கியம். தவறு மிக அதிகமாக நடக்கும் இடம் இது, ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் யாரை எண்ணுவது? வழிப்பறியைச் செய்தவர்கள், செய்ய முயன்றவர்கள், அங்கே இருந்து உதவியவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ண வேண்டும். "அங்கே இருந்து" என்பதை விட்டுவிடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தவன் இந்த எண்ணிக்கையில் வரமாட்டான். 4 பேர் போனார்கள், திட்டம் போட்டவன் ஊரிலேயே இருந்தான் என்றால் அது கூட்டுக்கொள்ளை அல்ல, வழிப்பறி. திட்டமிட்டவன் சதி, உடந்தை ஆகிய பிரிவுகளில் பொறுப்பாவான்.

இப்போது ஒரு வீட்டில் 6 பேர் புகுந்தார்கள் என்று வீட்டார் சொல்கிறார்கள். 3 பேர் கைது, 3 பேர் யாரென்றே தெரியவில்லை. 6 பேர் வந்தார்கள் என்பதை நீதிமன்றம் நம்பினால், 3 பேருக்கும் கூட்டுக்கொள்ளைக்கான தண்டனை கொடுக்கலாம். 1973-இல் சக்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தண்டிக்கப்படுகிறவர்கள் 5க்குக் குறைவு என்பதால் செய்தவர்களும் 5க்குக் குறைவு என்று ஆகிவிடாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. குற்றச்சாட்டில் குறிப்பிட்ட 6 பேரின் பெயர் இருக்கிறது, "வேறு சிலரும்" என்ற சொல்லே இல்லை. விசாரணை முடிவில் 3 பேர் விடுதலை. அப்போது மிச்சம் 3 பேர்தான். விடுதலையானவர்களுக்குப் பதிலாக அடையாளம் தெரியாத வேறு 3 பேர் இருந்திருப்பார்கள் என்று நீதிமன்றம் கற்பனை செய்துகொள்ள முடியாது. 1956-இல் ராம் சங்கர் சிங் வழக்கில் இப்படித்தான் கூட்டுக்கொள்ளை வழிப்பறியாக இறங்கியது.

ஆக, உண்மையிலேயே அடையாளம் தெரியாதவர்கள் இருந்தால் அது முதல் தகவல் அறிக்கையிலிருந்தே வர வேண்டும். குற்றச்சாட்டு வனையும்போதும் அது விடுபடக் கூடாது. 5 பெயர்களை மட்டும் எழுதி, சரியாக 5 என்று கணக்கை மூடிவிட்ட வழக்கில், அடையாளம் காட்டுவதில் ஒரே ஒரு சாட்சி தடுமாறினால் போதும், ஒருவர் விடுதலையாவார், கூட்டுக்கொள்ளை மொத்தமாகச் சரிந்துவிடும். மீதி 4 பேர் வழிப்பறிக்குத் தண்டனை பெறுவார்கள்.

ஒருவன் கையில் மட்டும் கத்தி இருந்தால் எல்லோருக்கும் 7 ஆண்டு கட்டாயமா?

இல்லை. வழிப்பறியிலோ கூட்டுக்கொள்ளையிலோ கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால், கொடுங்காயம் ஏற்படுத்தினால், அல்லது கொல்லவோ கொடுங்காயம் செய்யவோ முயன்றால் 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை என்கிறது பிரிவு 311. பழைய சட்டத்தில் இது 397. இது ஆயுதத்தைப் பயன்படுத்தியவனுக்கு மட்டும். கூட இருந்தவர்கள் மேல் "பொது எண்ணம்" என்று சொல்லி இதை ஏற்ற முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன கணேசன் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. வழிப்பறிக்கான பொதுவான தண்டனையோ கூட்டுக்கொள்ளைக்கான தண்டனையோ மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும். குறைந்தபட்ச 7 ஆண்டு என்ற பூட்டு மட்டும் அவர்களுக்கு இல்லை.

பயன்படுத்துவது என்றால் குத்த வேண்டும், சுட வேண்டும் என்று அர்த்தமில்லை. எதிரில் இருப்பவர் பார்த்து அஞ்சும்படி கத்தியைக் கையில் வைத்திருந்தாலே பயன்படுத்தியதுதான் என்று 1975-இல் பூல் குமார் வழக்கு சொன்னது. இடுப்பில் மறைத்து வைத்திருந்து, கைதான பிறகு சோதனையில் எடுத்த கத்தி அப்படி அல்ல. அதை யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் அஞ்சவும் இல்லை. எனவே "ஆயுதங்களுடன் வந்தனர்" என்று பொதுவாக எழுதிய புகார் 311-ஐத் தாங்காது. யார் கையில், என்ன ஆயுதம், யாரை நோக்கி நீட்டினான் என்பது வேண்டும்.

கொள்ளையின்போது கும்பலில் ஒருவன் கொலை செய்தால்?

இங்கே சட்டம் தலைகீழாகத் திரும்புகிறது. 311-இல் பொறுப்பு தனி ஆளுடையது. பிரிவு 310(3)-இல் கூட்டுக்கொள்ளை நடக்கும்போது 5 பேரில் ஒருவன் கொலை செய்தால், 5 பேருமே பொறுப்பு. மற்றவர்கள் கொலையை விரும்பினார்களா, எதிர்பார்த்தார்களா என்று பார்க்கத் தேவையில்லை. மரணம், ஆயுள், அல்லது 10 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல். பழைய சட்டத்தில் அந்த 10 ஆண்டு மேல்வரம்பு, இப்போது அதுவே கீழ்வரம்பு.

தப்பி ஓடும்போது நடந்த கொலையும் இதில் வருமா என்ற கேள்வி 1957-இல் சியாம் பிகாரி வழக்கில் வந்தது. கும்பல் எதுவும் எடுக்காமல் ஓடியது. தங்களில் ஒருவனைப் பிடித்த ஊர்க்காரரைக் கும்பலைச் சேர்ந்தவன் சுட்டுக் கொன்றான். கையில் பொருளே இல்லாதபோது கூட்டுக்கொள்ளை எங்கே என்ற வாதம் எடுபடவில்லை. கூட்டுக்கொள்ளை செய்ய முயல்வதே வரையறைப்படி கூட்டுக்கொள்ளைதான். அதிலிருந்து தப்பி ஓடுவதும் அதே நிகழ்வின் பகுதி.

தனி ஆள் பையைப் போட்டுவிட்டுக் கல் எறிந்ததை மேலே பார்த்தோம். அங்கே பொருளைக் கைவிட்டதும் வழிப்பறி நின்றுவிட்டது. இங்கே பொருள் கைக்கு வராமலேயே கூட்டுக்கொள்ளை முழுமையாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 5 என்ற எண் எவ்வளவு கனமானது என்று தெரியும்.

மிரட்டினான், ஆனால் நான் பணம் கொடுக்கவில்லை. புகார் செய்ய முடியுமா?

தாராளமாக. ஆனால் அது முழுமையான மிரட்டிப் பறித்தல் ஆகாது, ஏனென்றால் எதுவும் கைமாறவில்லை. ஐசக் இசங்கா முசும்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னது. பறிப்பதற்காக அச்சுறுத்துவதே பிரிவு 308(3)-இல் தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. அச்சுறுத்தல் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ என்றால் 308(4), 7 ஆண்டு வரை. முன்பணமாக ஒரு சிறு தொகை கொடுத்திருந்தாலும் அதைப் புகாரில் சொல்லுங்கள். வழக்கு எந்த உட்பிரிவுக்குள் போகும் என்பதை அந்தத் தொகைதான் முடிவு செய்யும்.

கூடியிருந்தபோதே பிடித்துவிட்டால் தண்டனை உண்டா?

கூட்டுக்கொள்ளைக்கு உண்டு. பொதுவாகச் சட்டம் குற்றத்துக்குத் தயாராவதைத் தண்டிப்பதில்லை, இது விதிவிலக்கு. கூட்டுக்கொள்ளைக்காகக் கூடுவதற்கு 7 ஆண்டு வரை, தயாரிப்புக்கு 10 ஆண்டு வரை.

ஆனால் நிரூபிப்பது கடினம். சதுரி யாதவ் வழக்கில் நள்ளிரவு தாண்டி ஒரு பள்ளி வளாகத்தில் ஆயுதங்களோடு 8 பேர் பிடிபட்டார்கள். 1979-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கூடியிருந்தார்கள், ஆயுதம் இருந்தது, எல்லாம் சரி. அது கூட்டுக்கொள்ளைக்காகத்தான், வேறு எதற்கும் அல்ல என்பதற்கு என்ன சாட்சியம் என்று கேட்டது. இன்றும் "கொள்ளையடிக்கத் திட்டமிட்டுக் கொண்டிருந்த 5 பேர் கைது" என்று வரும் வழக்குகள் இந்தக் கேள்வியில்தான் தடுக்கி விழுகின்றன.

வழிப்பறி செய்பவனைத் திருப்பித் தாக்கலாமா?

தற்காப்புரிமை உண்டு. வழிப்பறியில் அது, தேவைப்பட்டால், தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் நீளும் என்கிறது பிரிவு 41. சாதாரணத் திருட்டுக்கு அந்த அளவு கிடையாது. ஆனால் கால எல்லை இருக்கிறது. அவன் தாக்கிக்கொண்டோ தடுத்துக்கொண்டோ இருக்கும்வரை, அல்லது உடனடி அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே அந்த உரிமை. கத்தியைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பவனைக் கூட்டம் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. வழக்கு அடித்தவர்கள் மேல் வரும்.

புகாரில் எதை விடாமல் எழுத வேண்டும்?

போன பொருளின் பட்டியலை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். வழக்கின் பிரிவை நிர்ணயிப்பது அது அல்ல. பொருள் எப்படிக் கைமாறியது என்று எழுதுங்கள்: அவன் எடுத்தானா, நான் கொடுத்தேனா. மிரட்டிய சொற்களை அப்படியே, அவன் பேசியபடியே எழுதுங்கள். "கொலை மிரட்டல் விடுத்தார்" என்பதைவிட "இப்பவே குத்திருவேன்" என்ற சொற்கள்தான் அச்சம் உடனடியானது என்று காட்டும். அடியோ தடுப்போ பொருள் போவதற்கு முன்பா, போகும்போதா, பின்பா என்பதையும் வரிசையாகச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் என்பதில் கவனம் வேண்டும். பார்த்தது 4 பேர், வண்டியில் இன்னொருவன் காத்திருந்தான் என்றால் அப்படியே எழுதுங்கள், அந்த ஐந்தாவது ஆள் உதவ நின்றான் என்று நீங்கள் ஏன் நினைத்தீர்கள் என்பதோடு. எண்ணிக்கை உறுதியில்லை என்றால் "5 அல்லது 6 பேர்" என்றே எழுதலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சரியான எண்ணாக எழுதினால் குறுக்கு விசாரணையில் அது உடையும். முகம் பார்த்திருந்தால் அங்க அடையாளங்களை முதல் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள். அடையாள அணிவகுப்பில் பிறகு காட்டுவதற்கு அதுதான் வலு. அணிவகுப்புக்கு முன் பிடிபட்டவரின் படத்தையோ ஆளையோ பார்த்துவிட்டால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு போய்விடும். காவல் நிலையத்தில் காட்டினாலும் பார்க்காமல் இருப்பது நல்லது.

சம்பவ இடம் எந்தக் காவல் நிலைய எல்லை என்று தெரியாவிட்டாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், அதில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? பழைய சம்பவத்துக்கு எந்தச் சட்டம்?

கூட்டுக்கொள்ளை அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும், பிரிவு 311-ம் அப்படித்தான். சாதாரண வழிப்பறியை முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விசாரிக்கிறார். இதில் ஒரு முரண் இருக்கிறது. பிரிவு 10 ஆண்டு வரை என்று சொன்னாலும் அந்த நடுவர் தன் அதிகாரத்தில் விதிக்கக்கூடியது 3 ஆண்டுதான். அது போதாது என்று கருதினால் வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவரால் 7 ஆண்டு வரை விதிக்க முடியும்.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால், புகார் எப்போது கொடுத்தாலும் பழைய தண்டனைச் சட்டம்தான். 2023-இல் நடந்த மிரட்டிப் பறித்தலுக்கு இப்போதைய 7 ஆண்டைப் போட முடியாது, 3 ஆண்டுதான் வரம்பு. குற்றம் நடந்த நாளில் இல்லாத கூடுதல் தண்டனையை அரசியலமைப்பின் பிரிவு 20(1) தடுக்கிறது.